நடக்காமல் போன கொள்ளையில் யார் மீது என்ன குற்றம்? முயற்சி, சதி, உடந்தை – ஓர் எளிய விளக்கம்

"கொள்ளையடிக்கச் சதி செய்து முயன்ற கும்பல் கைது, உடந்தையாக இருந்த ஊழியரும் சிக்கினார்." இந்த மாதிரி செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். ஒரே வரியில் சதி, முயற்சி, உடந்தை மூன்றும் வந்துவிடுகின்றன. மூன்றும் ஒன்றுதான் என்பதுபோல நாமும் கடந்துபோகிறோம். சட்டத்தில் இவை மூன்று தனித்தனிக் குற்றங்கள். ஒவ்வொன்றும் முழுமையடையும் நேரம் வேறு, நிரூபிக்க வேண்டிய விஷயம் வேறு, தண்டனைக் கணக்கும் வேறு.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக இருக்கிறது. "பணம்தான் போகலையே, அப்புறம் என்ன கேஸ்?" என்பார்கள். கொள்ளை நடக்கவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். அதற்கு முன்னால் வேறு குற்றம் முடிந்துவிட்டதா என்பதுதான் நீதிமன்றம் பார்க்கும் கேள்வி.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் நடந்த சம்பவங்களுக்கு 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். இந்த மூன்று குற்றங்களைப் பொறுத்தவரை பிரிவு எண்கள் மாறினவே தவிர, அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. இங்கே புதிய எண்களையே பயன்படுத்துகிறேன்.

## முதலில் ஒரு வீடு கட்டுவோம்

அண்ணன் தம்பி இருவர் உட்கார்ந்து பேசி, "சரி, அந்த மனையில் வீடு கட்டிவிடுவோம்" என்று முடிவு செய்கிறார்கள். அது ஒப்பந்தம். "கட்டுங்கப்பா, நான் இருக்கேன்" என்று மாமா உசுப்பிவிடுகிறார், பணமும் தருகிறார். அது தூண்டுதலும் உதவியும். செங்கல், சிமென்ட் வாங்கி அடுக்குகிறார்கள். அது ஆயத்தம். ஒரு நாள் காலையில் கொத்தனார் வந்து அஸ்திவாரத்தில் முதல் கல்லை வைக்கிறார். வேலை தொடங்கிவிட்டது. அடுத்த வாரமே ஏதோ தகராறில் எல்லாம் நின்றுபோகிறது.

வீடு எழவே இல்லை. ஆனாலும் ஒருவர் ஒத்துக்கொண்டார், ஒருவர் தூண்டி உதவினார், ஒருவர் வேலையைத் தொடங்கினார். வீட்டுக்குப் பதிலாக ஒரு குற்றத்தை வைத்தால், ஒத்துக்கொள்வது சதி, தூண்டுவதும் உதவுவதும் உடந்தை, தொடங்குவது முயற்சி. செங்கல் வாங்கி வைப்பதற்கு நேரான ஆயத்தம் பெரும்பாலான குற்றங்களில் தண்டனைக்குரியதே இல்லை. இந்தக் கடைசி விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

## கணக்கு இதுதான்

சட்டக் கல்லூரித் தேர்வில் வருகிற மாதிரி ஒரு கற்பனைச் சம்பவம். பெயர்களும் கற்பனைதான்.

ஓர் ஊரில் ஓர் அரிசி மண்டி. சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்குக் கணக்குப்பிள்ளை அந்த வார வசூலை ஒரு பையில் போட்டு, மொபெட்டின் முன் கொக்கியில் மாட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போவார். முன்பு அங்கே வேலை பார்த்த சேகருக்கு இது தெரியும். புதன்கிழமை இரவு டீக்கடையில் ராஜாவிடமும் மணியிடமும் சேகர் இதைச் சொல்கிறான். "கத்தியைக் காட்டினாலே பையைக் கொடுத்துடுவாரு, மூணு பங்கா பிரிச்சுக்கலாம்" என்கிறான். மூவரும் ஒத்துக்கொள்கிறார்கள். ராஜா மிரட்டுவது, மணி பைக் ஓட்டுவது, சேகர் அந்தப் பக்கமே வராமல் இருப்பது என்று முடிவாகிறது. பக்கத்து பெஞ்சில் குணா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ராஜா ஒரு கத்தி வாங்குகிறான். மண்டியில் மூட்டை தூக்கும் பாபுவைப் பார்த்து விஷயத்தைச் சொல்லி, கணக்குப்பிள்ளை கிளம்பியதும் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் ஐயாயிரம் தருவதாகச் சொல்கிறான். பாபு சம்மதிக்கிறான்.

சனிக்கிழமை ராஜாவும் மணியும் ஒரு தெருமுனையில் பைக்கோடு காத்திருக்கிறார்கள். மிஸ்டு கால் வருகிறது. மொபெட் திரும்பும்போது ராஜா குறுக்கே பாய்ந்து கத்தியை நீட்டி, "பையைக் குடு" என்கிறான். கணக்குப்பிள்ளை கூச்சல் போடுகிறார். அதே நேரத்தில் ஒரு டெம்போ தெருவுக்குள் நுழைகிறது. ராஜா பையைத் தொடாமலே ஓடிப்போய் பைக்கில் ஏறுகிறான். பின்னால்தான் தெரிகிறது, அன்று மதியமே முதலாளி வசூலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பையில் கணக்கு நோட்டுகள் மட்டுமே இருந்தன.

ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. யார் மீது என்ன குற்றம்?

## சதி: புதன்கிழமை இரவே முடிந்துவிட்டது

குற்றச் சதி என்பது, இரண்டு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ ஒரு சட்டவிரோதமான காரியத்தைச் செய்யப் பொது நோக்கத்தோடு ஒத்துக்கொள்வது. பிரிவு 61 இதைச் சொல்கிறது. ஒத்துக்கொண்ட விஷயம் ஒரு குற்றமாகவே இருந்தால், அதற்கு மேல் யாரும் எதுவும் செய்திருக்கத் தேவையில்லை. சம்மதமே குற்றம்.

எனவே டீக்கடையில் மூவரும் "சரி" என்ற நொடியில் சதி முழுமையடைந்துவிட்டது. கத்தி வாங்காவிட்டாலும், சனிக்கிழமை மழை பெய்து எல்லாரும் வீட்டிலேயே படுத்திருந்தாலும் சதி சதிதான். வியாழக்கிழமை மணி மனம் மாறி விலகியிருந்தால்? முடிந்துபோன சதி அதனால் இல்லாமல் போகாது. அதற்குப் பிறகு மற்றவர்கள் செய்தவற்றில் தனக்குப் பங்கில்லை என்று அவன் வாதாடலாம், அவ்வளவுதான்.

குணாவின் நிலை வேறு. அவன் கேட்டான், தெரிந்துகொண்டான், ஒத்துக்கொள்ளவில்லை. திட்டம் தெரிந்திருப்பதும் திட்டத்தில் சேர்வதும் ஒன்றில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. சதிகாரர் ஒருவரோடு பழகியதோ, சதி நடப்பது தெரிந்திருந்ததோ மட்டும் ஒருவரைச் சதிகாரராக்கிவிடாது, உடன்பாடு இருந்தாக வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது. குணாவுக்கும் அதே அளவுகோல்தான். அவன் மீது சதி இல்லை, உடந்தை இல்லை, முயற்சியும் இல்லை.

சரி, டீக்கடைப் பேச்சை நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பது? போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொடுத்தவருக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. சதிக்கு நேரடிச் சாட்சி கிடைப்பதும் அரிது. பெரும்பாலும் நடத்தையிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். இங்கே குணாவே சாட்சியாகலாம். புதன்கிழமை கூடிப் பேசியது, அதன் பிறகு போன போன் கால்கள், மிஸ்டு கால் வந்த சில நிமிடங்களில் மொபெட்டை மறித்தது எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றால் உடன்பாடு இருந்தது என்று நீதிமன்றம் முடிவுக்கு வர முடியும். ஒரே ஊர்க்காரர்கள், நண்பர்கள் என்பது மட்டும் போதாது.

சுருக்கமாக, சதிக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், அவர்களுக்குள் உடன்பாடு வேண்டும். குற்றம் எவ்வளவு தூரம் முன்னேறியது என்பது சதி இருந்ததா என்ற கேள்வியைத் தொடாது.

## உடந்தை: இன்னொருவரின் கையைக் கொண்டு

உடந்தை என்றால் ஒருவரைக் குற்றம் செய்யத் தூண்டுவது, அல்லது அதற்கு வேண்டுமென்றே உதவுவது. பிரிவு 45 மூன்றாவதாக, சதியில் ஈடுபடுவதன் மூலம் உடந்தையாவதையும் சேர்க்கிறது. இந்த மூன்றாவது வகைதான் குழப்பத்துக்கு மூல காரணம். அதைச் சற்று ஒதுக்கிவிட்டு முதல் இரண்டைப் பார்ப்போம்.

சேகர் ராஜாவையும் மணியையும் தூண்டியவன். தூண்டுதலில் கவனிக்க வேண்டியது, தூண்டப்பட்டவர் அதைச் செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேகர் கேட்டதும் ராஜாவும் மணியும், "போடா, எங்களுக்கு எதுக்கு இந்த வம்பு" என்று எழுந்து போயிருந்தால்? உடன்பாடே இல்லை, ஆகவே சதி இல்லை. ஆனாலும் சேகர் கொள்ளைக்குத் தூண்டியது தூண்டியதுதான். சதியும் உடந்தையும் வேறு வேறு என்பதை இந்த ஒரு மாற்றத்தில் தெளிவாகப் பார்க்கலாம். ஒரு கை ஓசை சதியாகாது, தூண்டுதலாகும்.

உதவியில் நிலைமை சற்று வேறு. உதவி என்று சொல்ல, காரியத்துக்கு முன்போ நடக்கும்போதோ ஏதாவது செய்து, அதனால் அந்தக் காரியம் எளிதாகியிருக்க வேண்டும். பாபுவின் மிஸ்டு காலைப் பாருங்கள். ராஜா அன்று வராமலே இருந்திருந்தால் அந்தக் கால் எதையும் எளிதாக்கியிருக்காது. உதவிய வகையில் பாபுவை உடந்தையாக்குவது கடினம். இங்கே ராஜா வந்தான், மறித்தான். ஆகவே பாபு அந்த முயற்சிக்கு உதவிய உடந்தையாளன்.

பாபுவுக்கு விஷயமே தெரியாது, "அண்ணன் கிளம்பிட்டாரான்னு ஒரு கால் குடு, அவர்கிட்ட ஒரு வேலை இருக்கு" என்று ராஜா ஏமாற்றிக் கேட்டிருந்தால்? அதே மிஸ்டு கால், அதே விளைவு. ஆனால் வேண்டுமென்று செய்த உதவி இல்லை, உடந்தையும் இல்லை. ஊழியர்கள் சிக்குகிற வழக்குகளில் பாதிச் சண்டை இந்த ஒரு புள்ளியில்தான் நடக்கும். ஐயாயிரம் ரூபாய் பேச்சு நிரூபணமானால் தெரியாது என்ற வாதம் நிற்பது கஷ்டம்.

சம்பவம் முடிந்த பிறகு ஓடி வந்தவர்களுக்கு ஒளிய இடம் கொடுத்தவர் உடந்தையா? இல்லை. குற்றவாளிக்கு அடைக்கலம் தருவது தனிக் குற்றம். முன்கூட்டியே "வந்து ஒளிஞ்சுக்கோங்க" என்று வாக்குக் கொடுத்திருந்தால் மட்டுமே பேச்சு மாறும்.

இப்போது ஒதுக்கி வைத்த மூன்றாவது வகை. சதியின் மூலம் உடந்தையாக வேண்டுமானால், அந்தச் சதியைத் தொடர்ந்து ஏதாவது ஒரு செயலோ, செய்ய வேண்டியதைச் செய்யாத சட்டவிரோதமான தவறோ நடந்திருக்க வேண்டும். வெறும் உடன்பாடு போதாது. 1860-இல் சட்டம் வந்தபோது பொதுவாகச் சதி என்பது உடந்தையின் ஒரு வகையாகத்தான் இருந்தது. 1913-இல்தான் குற்றச் சதி என்ற தனிக் குற்றத்தைப் புதிதாகச் சேர்த்தார்கள். பழையது அப்படியே இருக்க, புதியது பக்கத்தில் வந்து உட்கார்ந்ததால் இரண்டு இடத்திலும் "சதி" இருக்கிறது. பிரமத நாத் தாலுக்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியிருக்கிறது. தேர்வில் எழுதுபவர்கள் இதை ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

சுருக்கமாக, சதியில் எல்லாரும் ஒரே பக்கம் நின்று ஒத்துக்கொள்கிறார்கள். உடந்தையில் ஒருவர் தள்ளுகிறார் அல்லது தாங்குகிறார், இன்னொருவர் செய்கிறார். சேகர் போல ஒரே ஆள் இரண்டாகவும் இருக்கலாம். பாபுவும் விஷயம் தெரிந்து ராஜாவோடு ஒத்துக்கொண்டதால், மற்ற இருவரை அவன் பார்த்ததே இல்லை என்றாலும், அவன் மீதும் சதியைச் சாட்டலாம்.

## முயற்சி: கோடு எங்கே?

முயற்சி என்பது, குற்றம் செய்யும் எண்ணத்தோடு, ஆயத்தத்தைத் தாண்டி, அந்தக் குற்றத்தை நோக்கி ஒரு செயலைச் செய்வது. ஆயத்தம் எங்கே முடிகிறது, முயற்சி எங்கே தொடங்குகிறது என்பதுதான் இந்தப் பாடத்திலேயே கடினமான கேள்வி. அளந்து சொல்ல ஒரு சூத்திரம் கிடையாது. இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புரியும்.

மல்கியத் சிங் வழக்கில் ஒரு லாரி பஞ்சாபிலிருந்து டெல்லிக்கு நெல் ஏற்றிக்கொண்டு போனது. மாநிலத்துக்கு வெளியே நெல் கொண்டுபோகத் தடை இருந்த காலம். சமல்கா சோதனைச் சாவடியில், டெல்லிக்குச் சுமார் 32 மைல் முன்னால், பிடித்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் இது ஆயத்தம்தான், முயற்சி ஆகவில்லை என்றது. எல்லையைத் தாண்டும் முன் ஓட்டுநர் மனம் மாறித் திரும்பியிருக்கலாம், அதுவரை நடந்ததில் யாருக்கும் கேடில்லை என்பது அதன் காரணம்.

1980-இல் முகமது யாகூப் வழக்கு. பம்பாய்க்கு அருகே இரவில் வெள்ளிக் கட்டிகளோடு ஒரு ஜீப்பும் லாரியும் கடற்கழி ஓரம் வந்து நின்றன. பொதிகளை இறக்கத் தொடங்கினார்கள். அருகில் விசைப்படகின் என்ஜின் சத்தம் கேட்டது. அதிகாரிகள் பாய்ந்து பிடித்தார்கள். வெள்ளி இன்னும் படகில் ஏறவில்லை. ஆனாலும் இது ஏற்றுமதி செய்ய முயன்றதுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வந்த இடம், நேரம், இறக்கிய பொதி, காத்திருந்த படகு எல்லாம் சேர்ந்து, நோக்கம் எது என்பதில் சந்தேகமே வைக்கவில்லை. காரியமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இந்த இரண்டையும் ராஜாவின் சனிக்கிழமைக்குப் பொருத்துவோம். கத்தி வாங்கியது சந்தேகமில்லாமல் ஆயத்தம். தெருமுனையில் பைக்கோடு நின்றது? மொபெட் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே போலீஸ் பிடித்திருந்தால், திரும்பிப் போக வாய்ப்பு இருந்தது என்ற வாதம் வலுவானது. என் பார்வையில் அது இன்னும் ஆயத்தம்தான். மிஸ்டு கால் வந்து, மொபெட் கண்ணில் பட்டு, ராஜா கத்தியை எடுத்துக்கொண்டு சாலையில் கால் வைத்த இடத்தில் கோடு தாண்டப்படுகிறது. "பையைக் குடு" என்று கத்தியை நீட்டியபோது வாதத்துக்கே இடமில்லை.

பையில் பணமே இல்லையே, இல்லாததை எப்படிக் கொள்ளையடிக்க முயல முடியும் என்று கேட்கலாம். பிரிவு 62-இன் உதாரணங்களே இதற்குப் பதில் சொல்கின்றன. பெட்டியை உடைத்து நகை தேடியவனுக்கு உள்ளே நகை இல்லை. பாக்கெட்டில் கைவிட்டவனுக்கு அது காலியாக இருந்தது. இருவரும் முயற்சிக் குற்றவாளிகள்தான். ராஜாவுக்கும் அதேதான்.

இதற்கு நேரெதிரான ஒரு நுட்பம் பலருக்குத் தெரியாது. ராஜா பையைத் தொடவில்லை என்று கதையில் வேண்டுமென்றே வைத்தேன். கத்தியைக் காட்டி, கொக்கியிலிருந்து பையைக் கழற்றி எடுத்திருந்தால், இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டு ஓடியிருந்தாலும் அது முயற்சி ஆகாது, முழுக் கொள்ளை. நேர்மையற்ற எண்ணத்தோடு பொருளை நகர்த்தியதுமே திருட்டு முடிந்துவிடுகிறது. அதற்காக உடனடிக் காயம் பற்றிய பயத்தை உண்டாக்கினால் திருட்டு கொள்ளையாகிவிடுகிறது. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதில்லை. கணக்கு நோட்டும் பொருள்தான்.

கத்தியை நீட்டாமல் பைக்கில் காத்திருந்த மணியும் முயற்சியிலிருந்து தப்ப முடியாது. பொது எண்ணத்தோடு பலர் செய்த செயலுக்கு ஒவ்வொருவரும் தானே செய்ததுபோலப் பொறுப்பு என்கிறது பிரிவு 3(5).

சுருக்கமாக, முயற்சிக்கு ஒரே ஆள் போதும். சதியைப் போலப் பேச்சில் முடியாது. குற்றத்துக்கு மிக நெருக்கமான செயல் வேண்டும்.

## தண்டனைக் கணக்கு

முயற்சிக்குப் பொது விதி, முழுக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதி. கொள்ளைக்குப் பொதுவாகப் பத்தாண்டு வரை கடுங்காவல் என்பதால், ஐந்தாண்டு என்று எழுதிவிடத் தோன்றும். அது தவறு. தனி விதி இல்லாத இடத்தில்தான் பொது விதி. கொள்ளை முயற்சிக்கு 309(5) என்ற தனி விதி இருக்கிறது, ஏழாண்டு வரை கடுங்காவலும் அபராதமும். அதோடு, ராஜாவின் கத்தி உயிருக்கு ஆபத்தான ஆயுதம் என்று நிரூபணமானால், ஆயுதம் வைத்திருந்தவருக்கு ஏழாண்டுக்குக் குறையாத தண்டனை என்கிறது பிரிவு 312.

கொள்ளைச் சதிக்குத் தண்டனை, அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததற்கான தண்டனையேதான். எல்லாம் டீக்கடையோடு நின்றிருந்தால், நடக்காத குற்றத்துக்கான பிரிவு 56 வரும். அதிகபட்சத்தில் கால் பங்கு, அதாவது இரண்டரை ஆண்டு வரை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொள்ளையைத் தடுக்கும் கடமையுள்ள ஒரு போலீஸ்காரரே உடந்தையாக இருந்தால் அது பாதியாக, ஐந்தாண்டாக உயரும்.

சேகருக்கும் பாபுவுக்கும் உண்மையான சண்டை இங்கேதான். "எங்கள் கட்சிக்காரர் மீது சொல்லப்படுவது கொள்ளைக்கு உடந்தை, கொள்ளை நடக்கவில்லை, ஆகவே கால் பங்கு" என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். "கொள்ளை முயற்சியே தனித் தண்டனையுள்ள ஒரு குற்றம்; அது தூண்டுதலின், உதவியின் விளைவாக நடந்தேவிட்டது; ஆகவே பிரிவு 49-இன் கீழ் முயற்சிக்கான முழுத் தண்டனை" என்பார் அரசு வக்கீல். எனக்கு அரசுத் தரப்பு வாதமே வலுவாகப் படுகிறது. பாபுவின் மிஸ்டு கால் இல்லாமல் ராஜா அந்த நிமிடத்தில் சாலையில் பாய்ந்திருக்க மாட்டான்.

ஒரே ஒரு எண்ணை மாற்றினால் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். தெருமுனைக்கு இரண்டு பேருக்குப் பதில் ஐந்து பேர் போயிருந்தால் அது கூட்டுக்கொள்ளை. ஐந்து பேர் சேர்ந்து கொள்ளையடித்தாலும், கொள்ளையடிக்க முயன்றாலும் சட்டம் இரண்டையும் கூட்டுக்கொள்ளை என்றே வரையறுக்கிறது. ஆயுள் தண்டனை வரை போகலாம். வெள்ளிக்கிழமை கத்தி வாங்கியதை ஆயத்தம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. கூட்டுக்கொள்ளைக்கு ஆயத்தம் செய்வதே பிரிவு 310(4)-இன்படி பத்தாண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். அதற்காக ஓரிடத்தில் கூடி நின்றாலே போதும், 310(5)-இன்படி ஏழாண்டு வரை.